வேலை தேடாதவருக்கு வரும் முதல் கடிதம்

“அவசரத் தேவை. உடனே சேரக்கூடியவர்கள் மட்டும். ரெஸ்யூமே, தற்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் அனுப்பவும்.”

லிங்க்ட்இன், நௌக்ரி போன்ற தளங்களில் தன் விவரத்தைப் போட்டு வைத்திருக்கும் எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் இப்படி வந்த கடிதங்கள் சிலவற்றைக் காட்டுவார். கையில் வேலை இல்லாதவர் இதற்கும் பதில் எழுதுவார், அவருக்கு வேறு வழியில்லை. நல்ல வேலையில் இருப்பவர் எழுதமாட்டார். அவரிடம் நான்கு விவரங்களைக் கேட்கும் கடிதம், அவருக்கு ஒரு விவரமும் சொல்லவில்லை. என்ன வேலை, எந்த ஊர், எவ்வளவு சம்பளம், எதுவும் அதில் கிடையாது.

ஆட்களைத் தேடித் தரும் ரெக்ரூட்டர்கள் இந்த இரண்டாம் வகையினரை ‘பாசிவ் கேண்டிடேட்’ என்பார்கள். இவர்கள் வேலை தேடுவதில்லை, ஆனால் பொருத்தமான ஒன்று வந்தால் காதுகொடுத்துக் கேட்பார்கள். கைதேர்ந்த அனுபவம் வேண்டிய பதவிகளுக்கு விளம்பரம் போட்டுக் காத்திருந்தால் இவர்கள் விண்ணப்பிக்கப் போவதில்லை. நாமே போய்க் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் முதல் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஓசூரில் மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்யும் ஒரு நிறுவனம். டிவிஎஸ், ஏத்தர் ஆலைகள் இருக்கும் வட்டாரம் அது. மோட்டாரை வடிவமைக்க எட்டுப் பத்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் அந்த நிறுவனத்துக்குத் தேவை. இந்த வித்தை கைவந்தவர்கள் ஸ்கூட்டர் தொழிலில் மட்டும் இல்லை, கோயம்புத்தூரின் பம்ப் நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். காந்தம், செப்புச் சுற்று, சூடு என்று இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். வித்தியாசம் சூட்டில் வருகிறது. ஆழ்துளைக் கிணற்றில் இறங்கும் மோட்டாரைச் சுற்றியிருக்கும் தண்ணீரே குளிர்விக்கும், சுமையும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். ஸ்கூட்டர் மோட்டாருக்குக் காற்றுதான் துணை. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது சில நொடிகளில் அதன் சூடு எகிறிவிடும்.

பம்ப் மோட்டாரில் ஊறிய ஒருவருக்கு இது புதிய சவால். அவரை அசைக்கக்கூடியது அந்தச் சவால்தான், ‘வேகமாக வளரும் நிறுவனம்’ என்ற வரி அல்ல.

ஆளைத் தேடும்போதே முதல் தவறு நேர்ந்துவிடலாம். தேடுபெட்டியில் ‘மோட்டார்’ என்று மட்டும் போட்டால், மோட்டார் இன்ஷூரன்ஸ் ஆசாமிகளும் கூடவே வருவார்கள். பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பும் ரெக்ரூட்டர், தான் யாருடைய பக்கத்தையும் படிக்கவில்லை என்பதை அத்தனை பேருக்கும் தெரிவித்துவிடுகிறார். பக்கத்தைத் திறந்து படித்தவர் எழுதும் கடிதம் எப்படி இருக்கும்? பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும் அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

“வணக்கம் சார். ஓசூரில் மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் தயாரிக்கும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். சோலார் பம்ப்புக்கான பிஎல்டிசி மோட்டாரை முதல் வரைபடத்திலிருந்து உற்பத்தி வரை நீங்கள் கொண்டுவந்ததை உங்கள் பக்கத்தில் படித்தேன். எங்கள் 4 கிலோவாட் மோட்டார் மேட்டில் ஏறும்போது அதிகம் சூடாகிறது. அதன் அடுத்த வடிவத்தைச் சோதனை முடியும்வரை பொறுப்பேற்று நடத்த ஒருவர் வேண்டும். ஐந்து பேர் கொண்ட குழு. வாரம் ஐந்து நாளும் ஓசூர் ஆலையில்தான் வேலை, வீட்டிலிருந்து செய்ய வழியில்லை. சம்பளம் ஆண்டுக்கு மொத்தம் 14 முதல் 18 லட்சம், அதில் 10 சதவீதம் வேலைத்திறனைப் பொறுத்தது. உங்கள் அனுபவத்துக்கு 16 லட்சத்தை ஒட்டி அமையும் என்பது என் கணிப்பு. இப்போது மாறும் எண்ணம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். விவரம் பார்க்கலாம் என்று தோன்றினால் ‘அனுப்புங்கள்’ என்று ஒரு வார்த்தை போதும், வேலைக் குறிப்பை அனுப்புகிறேன். ரெஸ்யூமே இப்போது வேண்டாம்.”

கீழே அனுப்புபவரின் பெயர், நிறுவனத்தின் பெயர், நேரடித் தொலைபேசி எண், நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரி. அவ்வளவுதான் கடிதம்.

இதில் துணிச்சலான வரி, வீட்டிலிருந்து வேலை கிடையாது என்பது. கோவையில் வீடு, பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் என்று இருப்பவருக்கு ஊர்தான் முதல் கேள்வி. அதை மறைத்துவிட்டு மூன்றாவது நேர்முகத்தில் சொன்னால் இரண்டு தரப்புக்கும் வாரக்கணக்கில் வீண். முதல் கடிதத்திலேயே சொன்னால் சிலர் விலகுவார்கள். அவர்கள் எப்படியும் விலகக்கூடியவர்கள்தான்.

அடுத்து சம்பளம். கடிதத்தில் அதிகம் ஒளிக்கப்படுவதும் அதுவே. ‘சந்தைக்கு ஏற்ற சம்பளம்’, ‘தகுதி இருந்தால் சம்பளம் ஒரு பொருட்டல்ல’ என்றெல்லாம் எழுதுவார்கள். இதன் பின்னால் உள்ள காரணம் பல நேரம் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறது. அதே வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர் புதிதாக வருபவரைவிடக் குறைவாக வாங்குவார், எண் வெளியே தெரிந்தால் அவர் வந்து கேட்பார். இன்னொரு காரணம் பேரம். வருபவர் இப்போது 11 லட்சம் வாங்குகிறார் என்று தெரிந்துகொண்டால், அதன் மேல் முப்பது சதவீதம் கூட்டி 14.3 லட்சத்தில் முடித்துவிடலாம். அந்த வேலைக்கு 16 லட்சம் ஒதுக்கியிருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

இந்த வழக்கத்தைச் சில நாடுகள் சட்டம் போட்டே தடுத்திருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதலும், நியூயார்க் நகரில் 2022 நவம்பர் முதலும், கலிஃபோர்னியாவில் 2023 முதலும் வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைப் போட வேண்டும். நிறுவனத்தின் அளவைப் பொறுத்துச் சில விலக்குகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. சம்பளத்தை நேர்முகத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், முன்பு என்ன வாங்கினார் என்று வேட்பாளரைக் கேட்கக் கூடாது என்கிறது அது. இந்தியாவில் தனியார் நிறுவனங்களுக்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆகவே இங்கே சம்பளத்தை எழுதுவதும் எழுதாததும் ரெக்ரூட்டரின் கையிலும் அவருடைய மேலதிகாரியின் கையிலும் இருக்கிறது.

எழுதினாலும் போதாது, எழுதும் எண்ணில் பொருள் இருக்க வேண்டும். ‘10 முதல் 30 லட்சம்’ என்று போட்டால் படிப்பவர் மனதில் 30 நிற்கும், கொடுப்பவர் மனதில் 12 இருக்கும், கடைசி நாளில் மனக்கசப்பில் முடியும். அதனால்தான் மேலே உள்ள கடிதத்தில் வரம்பு நெருக்கமாக இருக்கிறது, அந்த வரம்புக்குள் இவர் எங்கே நிற்பார் என்ற கணிப்பும் இருக்கிறது. அந்தக் கணிப்பைச் சொல்வதற்கு முன் ரெக்ரூட்டர் குழுத் தலைவரிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசாமல் எழுதினால் அது வெறும் ஆசை காட்டுவதாகிவிடும்.

மொத்தத் தொகையைச் சொல்லும்போது, அது எப்படிப் பிரிகிறது என்பதையும் கேட்டால் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். ‘சிடிசி’ எனப்படும் அந்த எண்ணில் நிறுவனம் செலவிடும் எல்லாமே அடங்கும். 16 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் அதில் 40 சதவீதம் என்றால் 6.4 லட்சம். அதில் 12 சதவீதமான ஏறக்குறைய 77,000 ரூபாய் நிறுவனத்தின் பிஎஃப் பங்காகப் போகும். பணிக்கொடைக்கென்று சுமார் 31,000 ஒதுக்குவார்கள், அது மாதச் சம்பளத்தில் வராது. வேலைத்திறன் தொகை 1.6 லட்சம் ஆண்டு முடிவில் வரலாம், குறையலாம். இவை போக மாதத்துக்கு 1,11,000 நிற்கும். அதில் ஊழியரின் சொந்த பிஎஃப் பங்கான 6,400ஐக் கழித்தால் வருமான வரிக்கு முன் கையில் வருவது 1,04,600 ரூபாய். பதினாறை பன்னிரண்டால் வகுத்து மாதம் 1,33,000 வரும் என்று நினைத்திருந்தவர், இந்தக் கணக்கை ஆஃபர் லெட்டரில் முதன்முதலாகப் பார்த்தால் ஏமாந்ததாகத்தான் உணர்வார்.

கடிதத்தின் கடைசி வரிகள் சிறியவை, ஆனால் பதில் வருவதும் வராததும் அங்கேதான் தீர்மானமாகிறது. ‘நாளை 11 மணிக்குப் பேசலாமா’ என்று கேட்டால், ஆலையில் நாலு பேர் நடுவே உட்கார்ந்திருப்பவர் எங்கே போய்ப் பேசுவார்? ரெஸ்யூமே கேட்டால், மூன்று வருடமாகத் தொடாத ஒன்றைத் திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அது மட்டுமல்ல, ரெஸ்யூமே அனுப்பிய கணமே தான் வேலை மாறத் தீர்மானித்துவிட்டதாக அவருக்கே ஓர் உணர்வு வரும். விவரம் பார்ப்பதற்கும் விண்ணப்பிப்பதற்கும் நடுவே ஒரு படி இருக்க வேண்டும். ‘அனுப்புங்கள்’ என்ற ஒரு வார்த்தை அந்தப் படி. வேலைக் குறிப்பைப் படித்தபின் இரவு எட்டு மணிக்கோ சனிக்கிழமையோ பதினைந்து நிமிடம் பேசலாம், நேரத்தை அவர் சொல்லட்டும்.

அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதுவதும், அலுவலகத் தொலைபேசிக்கு அழைப்பதும், அவருடன் வேலை செய்பவரிடம் ‘அவர் மாறுவாரா’ என்று விசாரிப்பதும் செய்யவே கூடாதவை. ஒருவர் வேலை தேடுவதாக ஆலையில் பேச்சுக் கிளம்பினால், தேடாமலிருந்த அவருக்குத்தான் சங்கடம்.

இன்னொரு தடை சந்தேகம். வேலை வாங்கித் தருவதாகப் பணம் பறிக்கும் மோசடிகள் பெருகியபின், முன்பின் தெரியாதவரின் கடிதத்தை யாரும் எளிதில் நம்புவதில்லை. பொது ஜிமெயில் முகவரி, பெயரில்லாத நிறுவனம், வாட்ஸ்அப் எண் மட்டும் என்றால் நல்ல வேலையும் மோசடி போலவே தெரியும். கன்சல்டன்சிகள் வாடிக்கையாளரின் பெயரை முதலில் சொல்லத் தயங்குவார்கள், வேட்பாளர் நேராகப் போய்விடுவார் என்ற பயம். அப்படியானால் தொழில், ஊர், ஆட்களின் எண்ணிக்கை இவற்றைச் சொல்லி, பெயரை எப்போது சொல்வோம் என்பதையும் எழுதலாம்.

பதிலே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். லிங்க்ட்இன்னில் கட்டணம் கட்டி அனுப்பும் இன்மெயிலுக்கு 90 நாளுக்குள் பதில் வந்தால் அதற்கான கிரெடிட் திரும்பக் கிடைக்கும், ‘வேண்டாம்’ என்ற பதிலுக்கும் அப்படியே. மறுப்பு எளிதாக இருக்கும்படி எழுதுவது ரெக்ரூட்டருக்கும் லாபம்.

மறுப்பிலும் பயன்படும் தகவல் இருக்கும். நம் கோவைப் பொறியாளர், ‘சம்பளம் சரி, வேலையும் பிடித்திருக்கிறது, ஓசூருக்கு வர முடியாது’ என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவையிலிருந்து இதே பதிலை இன்னும் மூன்று பேர் எழுதினால், ரெக்ரூட்டர் அந்த நான்கையும் அச்செடுத்துக் குழுத் தலைவரின் மேசையில் வைக்கலாம். மோட்டாரின் காந்தப்புலத்தையும் சூட்டையும் கணக்கிடும் மென்பொருள் வேலையை எங்கிருந்தும் செய்யலாம், சோதனைப் படுக்கையில் மோட்டாரை ஏற்றும் நாட்களில் மட்டும் ஆலைக்கு வந்தால் போதாதா என்று கேட்கலாம். மாதம் பத்து நாள் வந்தால் போதும் என்று தலைவர் ஒப்புக்கொண்டால், அதே நான்கு பேருக்கும் இரண்டாவது கடிதம் எழுத இப்போது ஒரு காரணம் இருக்கிறது.