முடிவுரையில் நிற்கும் எழுவாய் யார்?

“தமிழகக் கல்லூரி மாணவர்களில் 70 சதவீதம் பேர் நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் செல்போன் பயன்படுத்துகின்றனர்.”

முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில், முடிவுரையின் முதல் வரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரி கம்பீரமாகத்தான் இருக்கிறது. பத்திரிகைக்காரர் கண்ணில் பட்டால் அப்படியே தலைப்பாகிவிடும். ஆனால் அதே ஆய்வேட்டில் நாற்பது பக்கம் பின்னால் போய், தரவு எப்படித் திரட்டப்பட்டது என்று பார்த்தால் கதை வேறு. மதுரையில் ஒரே ஒரு கல்லூரி. படிப்பவர்கள் 3,000 பேர். ஆய்வு செய்தவர் ஒரு கூகுள் ஃபார்ம் தயாரித்து, தெரிந்த நண்பர்கள் மூலம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்களில் லிங்க்கைப் போட்டார். பத்து நாளில் 360 பேர் நிரப்பினார்கள். அவ்வளவுதான். (கல்லூரியும் எண்களும் விளக்கத்துக்காகப் புனைந்தவை. நடைமுறை மட்டும் ஆராய்ச்சி மாணவர்கள் பலருக்கும் பழக்கமானது.)

இப்படிக் கைக்கு எட்டியவர்களிடம் கேட்டுத் திரட்டும் பதில்களைப் புள்ளியியலார் வசதி மாதிரி என்பார்கள். அதில் குற்றம் எதுவும் இல்லை. மூன்று மாதத்தில், கைக்காசு போட்டு ஆய்வு முடிக்க வேண்டிய மாணவருக்கு வேறு வழியும் குறைவு. சிக்கல் முடிவுரையில்தான் வருகிறது. கேட்டது 360 பேரிடம். வாக்கியத்தின் எழுவாயாக வந்து உட்கார்ந்திருப்பதோ தமிழகத்தின் கல்லூரி மாணவர்கள் அத்தனை பேரும்.

வைவாவில் இதைக் கேட்டால் மாணவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கும்: தாரோ யமனே சூத்திரம். வணிகவியல், மேலாண்மை ஆய்வேடுகளில் அடிக்கடி தலைகாட்டும் சூத்திரம் இது. மொத்த எண்ணிக்கை 3,000, அனுமதிக்கும் பிழை 5 சதவீதம் என்று போட்டால் விடை 353 வரும். கையில் இருப்பதோ 360. “தேவைக்கு மேலேயே இருக்கிறதே, சார்!” கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சூத்திரம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. 3,000 பேரின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் லிங்க்கில் அப்படி யாரும் குலுக்கவில்லை. விரும்பியவர் நிரப்பினார், விரும்பாதவர் கடந்து போனார். எனவே 5 சதவீதப் பிழை என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. அந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதினால், இல்லாத ஒரு துல்லியத்தை இருப்பதாகக் காட்டியது ஆகிவிடும்.

எண்ணிக்கை பெருகினால் இந்தக் கோளாறு சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு 2021-இல் அமெரிக்காவில் நடந்தது நல்ல பாடம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபி குழு ஃபேஸ்புக் பயனாளர்களிடம் நடத்திய கோவிட் ஆய்வுக்கு வாரந்தோறும் சுமார் 2,50,000 பேர் பதில் சொன்னார்கள். எத்தனை பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்பதில், அந்த ஆண்டு மே மாதம் அது உண்மை நிலவரத்தைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது. பிறகு ‘நேச்சர்’ இதழில் இதை அலசிய ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு தூக்கிவாரிப்போடும்: இரண்டரை லட்சம் பேரிடம் கேட்ட ஆய்வு, முறையாகக் குலுக்கி எடுத்த பத்தே பேரிடம் கேட்பதைவிடத் துல்லியமாக இல்லாமல் போகலாம். ஆட்கள் வந்து சேர்ந்த விதமும் கேட்ட கேள்வியும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால், பதில்கள் பெருகப் பெருகத் தவறு குறையாது. அதன் மேல் நம்பிக்கை மட்டும் கூடும்.

மதுரை ஆய்விலும் அந்தப் பிணைப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. கேள்வி செல்போன் பயன்பாடு பற்றி. கேள்வி போய்ச் சேர்ந்த வழியும் செல்போன்தான். எந்நேரமும் வாட்ஸ்அப்பில் இருப்பவர் லிங்க்கை முதலில் பார்ப்பார், நிரப்பியும் விடுவார். வீட்டில் ஒரே போனைத் தம்பி தங்கையோடு பகிர்ந்துகொள்ளும் பெண், சாயங்காலம் ஆறு மணிக்குப் போனை வார்டனிடம் ஒப்படைக்க வேண்டிய ஹாஸ்டல் மாணவர் ஆகியோர் கண்ணில் அது படுவதற்குள் ஐம்பது செய்திகள் மேலே ஏறியிருக்கும். அப்படியானால் 70 சதவீதம் என்பது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம். உண்மையைவிடக் கூடுதலாகத்தான்.

ஊகத்தோடு நிற்க வேண்டியதும் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்டால் மொத்த மாணவர்களில் ஹாஸ்டலில் இருப்போர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஃபார்ம் நிரப்பிய 360 பேரில் ஹாஸ்டல் மாணவர்கள் 36 பேர்தான், அதாவது 10 சதவீதம். அந்த 36 பேரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் போன் பார்ப்பவர்கள் 9 பேர், கால் பங்கு. வீட்டிலிருந்து வரும் 324 பேரில் 243 பேர், முக்கால் பங்கு. இரண்டையும் கூட்டினால் 252, அதுதான் அந்த 70 சதவீதம். இப்போது ஹாஸ்டல்காரர்களுக்கு அவர்களுடைய உண்மையான 30 சதவீத எடையைக் கொடுத்துக் கணக்குப் போட்டால், 70 இறங்கி 60 ஆகிவிடுகிறது. ஒரே ஒரு விஷயத்தைச் சரிசெய்ததற்கே பத்துப் புள்ளி சரிவு. இந்த 60-ஐயும் உண்மை என்று தூக்கிப் பிடிக்க முடியாது. 36 பேர் மிகக் குறைவு. அந்த 36 பேரும் வாட்ஸ்அப் வழியாகத்தான் வந்தவர்கள். ஆனாலும் முடிவுரையை எந்தக் குரலில் எழுத வேண்டும் என்பதை இந்தச் சின்னக் கணக்கு சொல்லிவிடுகிறது. ஆய்வேட்டில் இதற்கென்று ஒரு பத்தி ஒதுக்கினால் தேர்வாளருக்கும் வேலை மிச்சம்.

சரி, வாக்கியத்தை எப்படித் திருத்துவது? முதலில் எழுவாய். “தமிழகக் கல்லூரி மாணவர்கள்” என்பது போய், “மதுரைக் கல்லூரி ஒன்றில் வாட்ஸ்அப் வழியாக வந்த வினாநிரலுக்குப் பதிலளித்த 360 மாணவர்கள்” என்று வர வேண்டும். நீளம்தான். ஒரு முறை இப்படி எழுதிவிட்டு, பிறகு “பதிலளித்தோர்” என்று சுருக்கிக்கொள்ளலாம். “மாணவர்கள்” என்று மட்டும் சுருக்கக் கூடாது. ஓட்டை அங்கேதான் திரும்பவும் விழும்.

அடுத்தது வினைமுற்று. “பயன்படுத்துகின்றனர்” என்பது என்றும் எங்கும் நடப்பதைச் சொல்லும் தொனி. ஆய்வு செய்தவர் யாருடைய போனையும் வாங்கிப் பார்க்கவில்லை. கேட்டார், அவர்கள் சொன்னார்கள். ஆகவே “பயன்படுத்துவதாகத் தெரிவித்தனர்” என்பதே பொருந்தும். இறந்தகாலம் வந்ததும் வாக்கியம் தானாகவே ஒரு கல்லூரிக்குள்ளும் ஒரு பருவத்துக்குள்ளும் அடங்கிவிடுகிறது.

இது வெறும் இலக்கணப் பிடிவாதம் இல்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2015, 2016-ஆம் ஆண்டுகளில் வெளியான 1,149 உளவியல் கட்டுரைகளின் தலைப்பு, சுருக்கம் ஆகியவற்றை எடுத்துப் படித்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 89 சதவீதம் கட்டுரைகள் ஏதேனும் ஓரிடத்திலாவது தம் முடிவை “இன்னார் இப்படித்தான்” என்ற பொத்தாம்பொதுவான நடையில் சொல்லியிருந்தன. மாதிரியின் அளவுக்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பே இல்லை. சிறிய மாதிரி வைத்திருந்தவர் கூடுதல் அடக்கத்தோடு எழுதவில்லை. அதோடு, ஒரு முடிவைப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வாசகர்கள் அதைக் கூடுதல் முக்கியமானதாகவும் பலருக்கும் பொருந்துவதாகவும் எடைபோடுகிறார்கள் என்பதையும் அவர்கள் சோதித்துக் காட்டினார்கள். எழுதுகிறவருக்கு அந்த நடை ஏன் இனிக்கிறது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

பெரும்பாலான ஆய்வேடுகளில் “வரம்புகள்” என்ற தலைப்பில், “இவ்வாய்வின் முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது” என்று ஒரு வரி இருக்கும். சென்ற ஆண்டு ஆய்வேட்டிலிருந்து அப்படியே இறங்கிவந்த வரியாகவும் இருக்கலாம். அந்த வரியை எழுதிவிட்டு, நாலு பக்கம் தள்ளி “தமிழக மாணவர்கள்” என்று தொடங்கினால் முன்னது செல்லாக்காசு. வரம்பைச் சொல்வதாக இருந்தால் திசையோடு சொல்ல வேண்டும்: “வினாநிரல் வாட்ஸ்அப் வழியாகவே சென்றதால் அதிகம் போன் பார்ப்பவர்கள் கூடுதலாகப் பதிலளித்திருக்கலாம், விடுதி மாணவர்கள் குறைவாக இடம்பெற்றுள்ளனர். எனவே கல்லூரியின் உண்மை விகிதம் 70 சதவீதத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.” இப்படி எழுதினால் படிப்பவருக்கு ஏதாவது கிடைக்கும். வெறும் “இயலாது” என்பதில் ஒன்றும் கிடைக்காது.

எல்லாவற்றையும் மென்று விழுங்கிச் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. வசதி மாதிரியை வைத்து அழுத்தமாகச் சொல்லக்கூடியவையும் உண்டு. ஹாஸ்டலில் ஆறு மணிக்குப் போனை வாங்கிவிடுவதால் அங்கே யாரும் அதிகம் பார்ப்பதில்லை என்று நிர்வாகம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 36 பேரில் 9 பேர் நான்கு மணி நேரத்துக்கு மேல் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்களே! அவர்கள் உண்மையைச் சொல்லியிருந்தால், “யாரும் இல்லை” என்ற கூற்றை உடைக்க அந்த ஒன்பது பேர் போதும். இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று காட்டக் குலுக்கல் தேவையில்லை. எத்தனை சதவீதம் என்று கேட்கும்போதுதான் தேவை. இந்த வேறுபாடு பிடிபட்டால் முடிவுரையில் எங்கே குரலை உயர்த்தலாம், எங்கே தணிக்க வேண்டும் என்பதும் பிடிபடும்.

பிற இடங்களுக்கும் இது பொருந்தும் என்று ஆய்வாளர் உள்ளபடியே நம்பினால் அதையும் எழுதலாம், காரணத்தோடு. உளவியல் ஆய்வாளர்கள் மூவர் 2017-இல் முன்வைத்த யோசனையும் இதுதான்: தம் முடிவு யாருக்குப் பொருந்தும், எதனால் அப்படி எதிர்பார்க்கிறார்கள் என்பதை ஒவ்வொரு கட்டுரையும் தனியாக அறிவிக்க வேண்டும். “வீட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களே மிகுதியாக உள்ள நகரக் கலைக் கல்லூரிகளிலும் இதே போக்கை எதிர்பார்க்கலாம்; செல்போனுக்குத் தடையுள்ள உறைவிடக் கல்லூரிகளுக்கு இது பொருந்தும் என்று கருத இடமில்லை.” நாளை வேறொருவர் ஒரு நகரக் கலைக் கல்லூரியில் சோதித்து, தவறென்று காட்ட முடிகிற வாக்கியம் இது.

திருத்தும் பேனா கடைசியாகப் போக வேண்டிய இடம் பரிந்துரைகள். முடிவுரையில் அடக்கமாக எழுதிய மாணவரே அடுத்த பக்கத்தில், “கல்லூரி மாணவர்களின் செல்போன் பயன்பாட்டை அரசு ஒழுங்குபடுத்த வேண்டும்” என்று எழுதிவிடுவதுண்டு. ஒரு கல்லூரியின் 360 பேரை வைத்து அரசுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அந்தக் கல்லூரி முதல்வருக்குச் சொல்ல இருக்கிறது: மாணவர் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த இருநூறு பேரிடம், வகுப்பிலேயே, காகிதத்தில் இதே கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

அட்டையில் இருக்கும் தலைப்பு தனிச் சங்கடம். அது ஆய்வு தொடங்கும் முன்பே பதிவாகியிருக்கும்; “தமிழகக் கல்லூரி மாணவர்களிடையே செல்போன் பயன்பாடு: ஓர் ஆய்வு” என்று மாநிலம் முழுவதையும் வளைத்துப் பிடித்திருக்கும். சமர்ப்பிக்கும் முன் தலைப்பை மாற்ற அனுமதி கிடைக்குமானால் கைடிடம் சொல்லி மாற்றிவிடுவது நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு துணைத்தலைப்பு சேர்க்க முடியுமா என்று கேட்கலாம்: “மதுரைக் கல்லூரி ஒன்றில் இணையவழிப் பதிலளித்தோரை அடிப்படையாகக் கொண்டது.”