டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு: சூத்திரத்துக்கு முன்னால் ஒரு பட்டியல்

அண்ணா பல்கலைக்கழகத்தின் எலெக்ட்ரிக்கல் மெஷின்ஸ்–1 தாள் எழுதும் மூன்றாம் செமஸ்டர் மாணவர்களுக்கு நன்கு பழகிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு டிரான்ஸ்ஃபார்மரை இரண்டு விதமாகச் சோதித்து எடுத்த அளவுகளைக் கொடுத்துவிட்டு, அதன் எஃபிஷியன்சி என்ன, ரெகுலேஷன் என்ன என்று கேட்பார்கள். பாலிடெக்னிக் தாளிலும் இதே கணக்குதான் வரும். எண்கள் மட்டும் மாறும்.

எஃபிஷியன்சி என்பது டிரான்ஸ்ஃபார்மருக்குள் போன மின்சக்தியில் எத்தனை சதவீதம் மறுபக்கம் வந்து சேர்ந்தது என்ற கணக்கு. சுமை ஏதும் இல்லாதபோது இருந்த வோல்டேஜ், முழுச் சுமை ஏறியதும் எத்தனை சதவீதம் இறங்குகிறது என்பது ரெகுலேஷன். இரண்டுக்கும் சூத்திரம் ஒரு வரிதான். ஆனாலும் மதிப்பெண் நழுவுவது இங்கேதான். சூத்திரம் மறந்துபோவதால் அல்ல, அதற்குள் போடும் எண் தவறாக இருப்பதால்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 25 கே.வி.ஏ., 2500/250 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், சிங்கிள் ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர். தாழ்வழுத்தப் பக்கத்தில் செய்த ஓப்பன் சர்க்யூட் டெஸ்டில் 250 வோல்ட், 3 ஆம்பியர், 150 வாட். உயர்வழுத்தப் பக்கத்தில் செய்த ஷார்ட் சர்க்யூட் டெஸ்டில் 100 வோல்ட், 8 ஆம்பியர், 224 வாட். 0.8 பின்தங்கிய பவர் ஃபேக்டரில் முழுச் சுமை எஃபிஷியன்சியும் ரெகுலேஷனும் காண்க.

அவசரக்காரர் நேரே சூத்திரத்துக்குப் போவார். 150, 224 என்ற இரண்டு வாட் அளவுகளையும் கூட்டி 374 வாட் இழப்பு என்பார். வெளியீடு 20,000 வாட். விடை 98.16 சதவீதம். பார்க்க அழகான விடை, ஆனால் தவறு. சரியான விடை 97.56 சதவீதம்.

இந்தக் கணக்கின் வில்லங்கமே இதுதான். நல்ல டிரான்ஸ்ஃபார்மரில் இழப்பு வெளியீட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. அதனால் இழப்பில் கால் பங்கு பிசகினாலும் எஃபிஷியன்சி அரை சதவீதம்தான் நகரும். 98.16 என்ற எண்ணைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. தவறு கண்ணில் படும் ஒரே இடம் இழப்புகளை எழுதும் வரி. அந்த வரியே விடைத்தாளில் இல்லையென்றால், திருத்துபவருக்கும் நடுவழி மதிப்பெண் போட இடமில்லை.

அதனால்தான் அனுபவப்பட்ட ஆசிரியர்கள் பலர், சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு சின்னப் பட்டியலை எழுதச் சொல்வார்கள். மேலே உள்ள கணக்குக்கு அது இப்படி இருக்கும்:

- முழுச் சுமை: 25 கே.வி.ஏ.
- உயர்வழுத்தப் பக்கம்: 2500 வோல்ட், 10 ஆம்பியர்
- தாழ்வழுத்தப் பக்கம்: 250 வோல்ட், 100 ஆம்பியர்
- இரும்பு இழப்பு: 150 வாட் (சுமை எதுவானாலும்)
- தாமிர இழப்பு: 8 ஆம்பியரில் 224 வாட், 10 ஆம்பியரில் 350 வாட்

கணக்கில் ஆம்பியர் நேரடியாகத் தரப்படவில்லை. 25,000-ஐ 2500-ஆல் வகுத்தால் 10, 250-ஆல் வகுத்தால் 100. இந்த இரண்டு வகுத்தலைச் செய்தவருக்கு உடனே ஒன்று உறுத்தும்: முழுச் சுமை மின்னோட்டம் 10 ஆம்பியர் என்றால், ஷார்ட் சர்க்யூட் டெஸ்டை ஏன் 8 ஆம்பியரில் நிறுத்தினார்கள்? கேள்வி தயாரித்தவர் வைத்த பொறி அதுதான். தாமிர இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. 10-ஐ 8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.5625. அதை 224-ஆல் பெருக்கினால் 350 வாட். பட்டியலின் கடைசி வரியில் இரண்டு அளவுகள் இருப்பது இதனால்தான்.

150 வாட்டை அப்படியே இரும்பு இழப்பாக எடுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. ஓப்பன் சர்க்யூட் டெஸ்டில் முழு வோல்டேஜும் கொடுக்கப்படுகிறது. இரும்பு இழப்பு வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் பொறுத்தது. இரண்டும் மாறாதவரை அதுவும் மாறாது. அந்த நேரத்தில் ஓடும் 3 ஆம்பியரால் கம்பியில் உண்டாகும் இழப்பு அரை வாட்டைக்கூடத் தொடாது. ஷார்ட் சர்க்யூட் டெஸ்டில் நிலைமை நேர்மாறு. 2500 வோல்ட் தாங்கும் சுருளுக்கு வெறும் 100 வோல்ட் கொடுக்கிறார்கள். இரும்பில் காந்தப் பாய்வு மிகக் குறைவு. வாட்மீட்டர் காட்டுவது ஏறக்குறைய முழுவதும் தாமிர இழப்பு. ஆய்வகத்தில் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதும் வசதிக்காகத்தான். ஓப்பன் சர்க்யூட் டெஸ்டுக்கு 250 வோல்ட் எளிதாகக் கிடைக்கும். ஷார்ட் சர்க்யூட் டெஸ்டை உயர்வழுத்தப் பக்கத்தில் செய்தால் 10 ஆம்பியர் மீட்டர் போதும், மறுபக்கத்தில் செய்தால் 100 ஆம்பியரை அளக்க வேண்டியிருக்கும்.

பட்டியல் முடிந்த பிறகு எஃபிஷியன்சி இரண்டே வரி. 25 கே.வி.ஏ.வை 0.8-ஆல் பெருக்கினால் வெளியீடு 20,000 வாட். மொத்த இழப்பு 150-ம் 350-ம் சேர்ந்து 500 வாட். 20,000-ஐ 20,500-ஆல் வகுத்தால் 97.56 சதவீதம். இதில் பவர் ஃபேக்டர் தொடுவது வெளியீட்டை மட்டுமே. இழப்பு மின்னோட்டத்தையும் வோல்டேஜையும் பார்த்து வருவது, அதை 0.8-ஆல் பெருக்கக் கூடாது.

அடுத்து வழக்கமாகக் கேட்பது பாதிச் சுமை. வெளியீடு 10,000 வாட். இரும்பு இழப்பு அதே 150. தாமிர இழப்பு பாதியாகாது, கால் பங்காகும்: 87.5 வாட். மொத்தம் 237.5 வாட், எஃபிஷியன்சி 97.68 சதவீதம். முழுச் சுமையைவிடச் சற்று அதிகம். இரண்டு இழப்புகளும் சமமாகும் சுமையில் எஃபிஷியன்சி உச்சத்தைத் தொடும். 150-ஐ 350-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.655, அதாவது சுமார் 16.4 கே.வி.ஏ. அங்கே இழப்பு 300 வாட், எஃபிஷியன்சி 97.76 சதவீதம். 224-ஐயே முழுச் சுமை இழப்பாக எடுத்தவருக்கு இந்த உச்சம் 20.5 கே.வி.ஏ.வுக்குத் தள்ளிப்போகும். முதல் வரியில் மறைந்திருந்த பிழை இங்கேதான் பெரிதாகத் தெரியும்.

ரெகுலேஷனுக்கு வாட் போதாது, ஓம் வேண்டும். ஷார்ட் சர்க்யூட் அளவுகளிலிருந்தே அது கிடைக்கும். 100 வோல்ட்டை 8 ஆம்பியரால் வகுத்தால் மொத்த மின்மறுப்பு 12.5 ஓம். 224 வாட்டை 8-ன் வர்க்கமான 64-ஆல் வகுத்தால் மின்தடை 3.5 ஓம். 12.5-ன் வர்க்கத்திலிருந்து 3.5-ன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் ரியாக்டன்ஸ் 12 ஓம். இங்கே 8 ஆம்பியரை 10 ஆக்க வேண்டிய தேவையில்லை. ஓம் மின்னோட்டத்தோடு மாறுவதல்ல.

ஆனால் இந்த ஓம் எல்லாமே உயர்வழுத்தப் பக்கத்துக்குச் சொந்தம். ஆகவே அதே பக்கத்தின் 10 ஆம்பியரும் 2500 வோல்ட்டும்தான் இதோடு சேர வேண்டும். 0.8 பவர் ஃபேக்டருக்கு சைன் மதிப்பு 0.6.

`10 × (3.5 × 0.8 + 12 × 0.6) ÷ 2500 = 100 ÷ 2500 = 4%`

தாழ்வழுத்தப் பக்கத்தின் 100 ஆம்பியரை இதில் போட்டால் 40 சதவீதம் என்று வரும். முழுச் சுமையில் 250 வோல்ட் 150 ஆகிவிடும் டிரான்ஸ்ஃபார்மரை யாரும் கம்பத்தில் ஏற்ற மாட்டார்கள். எஃபிஷியன்சியில் ஒளிந்துகொள்ளும் பிழை ரெகுலேஷனில் இப்படிப் பல்லிளிக்கும். சந்தேகம் இருந்தால் மறுபக்கத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். சுற்று விகிதம் 10 என்பதால் ஓம் அளவுகள் 100 மடங்கு குறைந்து 0.035, 0.12 ஆகும். 100 ஆம்பியரோடு பெருக்கிக் கணக்கிட்டால் வீழ்ச்சி 10 வோல்ட். 250-க்கு அதுவும் 4 சதவீதம். ஓம், ஆம்பியர், வோல்ட் மூன்றும் பக்கம் மாறும்போது மாறும். வாட் மட்டும் எந்தப் பக்கத்தில் அளந்தாலும் அதேதான்.

பவர் ஃபேக்டர் 0.8 முந்தியது என்று கேள்வி மாறினால், அடைப்புக்குள் இருக்கும் கூட்டல் கழித்தலாகும். 2.8-லிருந்து 7.2 போனால் மைனஸ் 4.4, ரெகுலேஷன் மைனஸ் 1.76 சதவீதம். மைனஸ் வந்ததைப் பார்த்துப் பயந்து அழித்துவிடுபவர்கள் உண்டு. அழிக்கத் தேவையில்லை. கெப்பாசிட்டர் மிகுந்த சுமையில் வோல்டேஜ் இறங்காமல் ஏறும் என்பதையே அந்த அடையாளம் சொல்கிறது.

இந்த நான்கு சதவீதம் தாளோடு நின்றுவிடுவதில்லை. தெருமுனையில் நிற்கும் 11 கே.வி. டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையில் தாழ்வழுத்தம் 433 வோல்ட் என்றிருக்கும். பல ஆண்டுகளாக நமது மூன்று ஃபேஸ் விநியோகத்துக்குச் சொல்லப்பட்டுவந்த அளவோ 415 வோல்ட். 433 என்பது சுமை இல்லாதபோது உள்ள அளவு. சுமை ஏறினால் இறங்கப்போகும் 18 வோல்ட்டை, அதாவது நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல், முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

தெரு டிரான்ஸ்ஃபார்மர் இரவு பகல் பாராமல் இணைப்பிலேயே இருப்பதால், தாளில் இன்னொரு கேள்வியும் வரும்: நாள் முழுவதுக்குமான எஃபிஷியன்சி. நமது 25 கே.வி.ஏ. மெஷின் 0.8 பவர் ஃபேக்டரில் 6 மணி நேரம் முழுச் சுமையிலும், 10 மணி நேரம் பாதிச் சுமையிலும், மீதி 8 மணி நேரம் சும்மாவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே போனது 120-ம் 100-ம் சேர்ந்து 220 யூனிட். தாமிர இழப்பு 2.1-ம் 0.875-ம் சேர்ந்து 2.975 யூனிட். இரும்பு இழப்போ 24 மணி நேரமும் ஓடி 3.6 யூனிட் ஆகிறது. நாள் எஃபிஷியன்சி 97.1 சதவீதம். முழுச் சுமையில் தாமிர இழப்பின் பாதியைக்கூட எட்டாத இரும்பு இழப்பு, நாள் கணக்கில் அதை முந்திவிட்டது. 16 மணி நேரத்துக்கு மட்டும் இரும்பு இழப்பைப் போட்டு, சுமையில்லாத 8 மணி நேரத்தை விட்டுவிடுவதுதான் இந்தக் கேள்வியில் நடக்கும் பொதுவான பிழை.

விநியோக டிரான்ஸ்ஃபார்மர்களுக்கான IS 1180 என்ற இந்தியத் தர நிர்ணயம், 50 சதவீதச் சுமையிலும் 100 சதவீதச் சுமையிலும் மொத்த இழப்பு எவ்வளவு வரை இருக்கலாம் என்று தனித்தனியே வரம்பு வைக்கிறது. ஒரு மெஷினின் அந்த இரண்டு மொத்த இழப்புகளும் தெரிந்தால், இரும்பையும் தாமிரத்தையும் பிரித்துவிடலாம். நமது உதாரணத்தில் அவை 237.5, 500 வாட். வித்தியாசம் 262.5 வாட். பாதிச் சுமையில் தாமிர இழப்பு கால் பங்குதான் என்பதால், இந்த வித்தியாசம் முழுத் தாமிர இழப்பின் முக்கால் பங்கு. மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் 350 வாட். 500-லிருந்து அதைக் கழித்தால் மீதி 150. பாதி, முழுச் சுமை எஃபிஷியன்சிகளைக் கொடுத்து இழப்புகளைக் கேட்கும் தலைகீழ்க் கணக்குக்கும் இதே வழிதான்.