மசிந்தாலும் நம்பக் கூடாத ராஜ்மா

1976இல் பிரிட்டனில் விடுமுறைச் சுற்றுலா போன பள்ளி மாணவர்கள் சிலர் ராஜ்மாவை இரவெல்லாம் ஊறவைத்து, வேகவைக்காமலே சாப்பிட்டார்கள். சாப்பிட்ட அத்தனை பேருக்கும் வாந்தி. கொட்டை கெட்டுப்போனது இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. அதற்குள்ளேயே இருந்த லெக்டின் என்ற புரதம்தான் காரணம்.

பைட்டோஹீமக்ளூட்டினின் என்பது இந்த லெக்டினின் முழுப்பெயர். குடலின் உள்சுவரில் இருக்கும் செல்களைப் பற்றிக்கொண்டு அவற்றைப் பாழாக்கும். பச்சையாக நாலைந்து கொட்டை தின்றாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் கடும் வாந்தியும் வரும், பிறகு வயிற்றுப்போக்கு. பெரும்பாலோர் சில மணி நேரத்தில் தேறிவிடுவார்கள். எல்லாப் பயறிலும் லெக்டின் உண்டு என்றாலும் சிவப்பு ராஜ்மாவில்தான் இந்த வகை மிக அதிகம். முளைகட்டிய பச்சைப் பயறு மாதிரி ராஜ்மாவையும் முளைகட்டிப் பச்சையாகச் சாப்பிட நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புரதம் என்பதால் கொதிக்கும் சூட்டில் அதன் மடிப்பு குலைந்து செயலிழந்துவிடும். சிக்கல் என்னவென்றால், கொட்டை மெத்தென்று ஆவதற்கு அவ்வளவு சூடு தேவையில்லை. 80 டிகிரியில் மணிக்கணக்காக வைத்திருந்தாலே அது மசிந்துவிடும். லெக்டினோ அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். போதாத சூட்டில் வெந்த ராஜ்மாவின் நச்சுத்தன்மை பச்சைக் கொட்டையைவிட ஐந்து மடங்கு வரை கூடக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. மின்சார ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போட்டுச் சமைப்பது ஆபத்தாவது இதனால்தான். விரலால் நசுக்கிப் பார்த்துப் பதம் சொல்லும் நம் வழக்கம் இங்கே செல்லாது.

குறைந்தது 5 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஊறாத கொட்டையின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரத் தாமதமாகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றுங்கள். ஓரத்தில் குமிழி வந்ததும் தணலைக் குறைத்துவிடாமல், தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு 30 நிமிடம் அந்தக் கொதி அடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 10 நிமிடக் கொதியிலேயே நச்சு அழிந்துவிடும் என்று பிரிட்டனில் சொல்வார்கள். நடுப்பகுதி வரை சூடேறியதா என்ற சந்தேகத்துக்கு இடம்கொடுக்காமல் இருக்கவே கூடுதல் நேரம். அதற்குப் பிறகு சிறு தீயிலோ ஸ்லோ குக்கரிலோ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேகவிடலாம்.

நம் வீட்டு பிரஷர் குக்கரில் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. ஊறிய ராஜ்மாவை அதில் நன்றாக வேகவிட்டால் பயமில்லை. ஊட்டி மாதிரி உயரமான ஊரில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால், அங்கே இருப்பவர்கள் திறந்த பாத்திரத்தை விட்டுவிட்டுக் குக்கரையே எடுப்பது நல்லது.

டின்னில் வரும் ராஜ்மா முன்பே வெந்தது, அப்படியே சாலட்டில் போடலாம்.