டிக்கெட் விலைக்கு ஒரு பூட்டு

மாமாவுக்கு லீவு கிடைக்குமா என்று தெரிவதற்குள் விமான டிக்கெட் விலை ஏறிவிடும். ஏர் இந்தியா 2024இல் கொண்டுவந்த ‘ஃபேர் லாக்’ இதற்குத்தான். சிறு கட்டணம் கட்டினால், தேர்ந்தெடுத்த டிக்கெட்டின் விலை 48 மணி நேரம் மாறாது. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் இருக்க வேண்டும். எல்லா விமானத்துக்கும் கிடையாது.

கட்டணம் திரும்பி வராது. ஆளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நால்வருக்கு 2,000. டிக்கெட் விலை ஆளுக்கு 300 ரூபாய்தான் ஏறியது என்றால், பூட்டியதில் மொத்தம் 800 ரூபாய் நஷ்டம். 1,500 ஏறினால் 4,000 மிச்சம். ஆகவே பண்டிகைக் காலத்துக்குப் பூட்டலாம்; சாதாரண செவ்வாய்க்கிழமைப் பயணத்துக்கு வீண் என்பேன். விலை இறங்கினால் பூட்டியதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம், கட்டிய கட்டணம் மட்டும் போகும். கெடுவுக்குள் முழுப்பணம் கட்டாவிட்டால் அந்த விலையும் போய்விடும்.