இரண்டாயிரம் மெயிலுக்குள் இரண்டு மெயில்

சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் ஒரு பகுதி ஊர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கோடு தந்த இந்திய சிம் ரீசார்ஜ் செய்யாமல் செயலிழந்துவிட்டதால், வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ். அவருக்கு வருவதில்லை. மெயில் மட்டும் வருகிறது.

ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய போன் ஓயாமல் ஒலிக்கத் தொடங்குகிறது. போலந்தில் ஒரு செருப்புக்கடை, சந்தாதாரராகச் சேர்ந்ததற்கு நன்றி சொல்கிறது. பிரேசிலில் ஒரு சமையல் இணையதளம், முகவரியை உறுதிசெய்யச் சொல்கிறது. மதியத்துக்குள் இரண்டாயிரம் மெயில் சேர்ந்துவிடுகின்றன. எரிச்சல் தாங்காமல் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுகிறார். அவருடைய கார்டில் ஒரு வெளிநாட்டுக் கடை இருமுறை பணம் எடுத்ததாக வங்கி அனுப்பிய இரண்டு மெயில்களும் அந்தக் குவியலோடு போய்விடுகின்றன.

திருடனுக்கு வேண்டியதும் அதுதான். ஆங்கிலத்தில் இதை ‘சப்ஸ்கிரிப்ஷன் பாம்பிங்’ என்கிறார்கள். சந்தா மெயில்களைக் கொட்டி, வங்கியின் எச்சரிக்கையை மூடிவிடும் வேலை.

பல இணையதளங்களில் ‘உங்கள் மெயில் முகவரி’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் யாருடைய முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதுவது மனிதன்தானா என்று சோதிக்காத தளங்கள் ஏராளம். திருடன் அவற்றின் பட்டியலை ஒரு சிறு நிரலிடம் கொடுத்துவிட்டால், அது ஒவ்வொரு தளமாகப் போய் ஒரே முகவரியைப் பதிந்துகொண்டே இருக்கும். ஸ்பாம் வடிகட்டி பெரும்பாலும் இதில் தோற்றுப்போகிறது. வருகிற ஒவ்வொரு மெயிலும் உண்மையான நிறுவனத்திலிருந்து, முறையான கையொப்பத்தோடு, ஒன்றோ இரண்டோ மட்டும் வருகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றம் இல்லை.

2016 ஆகஸ்டில் இது பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது. பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட அரசு மெயில் முகவரிகள் ஒரே வார இறுதியில் இப்படி மூழ்கடிக்கப்பட்டன. இணையக் குற்றங்களை எழுதிவரும் அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸின் முகவரிக்கும் அதே வெள்ளம் வந்தது. அது தொல்லை கொடுக்க நடந்த தாக்குதல். பணம் திருடுபவர்கள் அதே உத்தியைத் திரையாகப் பயன்படுத்துகிறார்கள்.

இந்த வெள்ளமே ஒரு தடயம். மெயில் கணக்கே திருடன் கையில் இருந்தால் வங்கியின் மெயிலை அவனே சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போவான். வெள்ளத்தைக் கொட்டுகிறான் என்றால், பெரும்பாலும் கார்டோ வங்கிக் கணக்கோ கடைக் கணக்கோ அவனிடம் இருக்கிறது, மெயில் இல்லை.

ஆகவே மெயில் கொட்டத் தொடங்கியதும் எதையும் அழிக்கக் கூடாது. ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்திக்கொண்டு உட்காரவும் கூடாது. அந்த நேரம் திருடனுக்குப் போகிறது. முதலில் மெயிலை விட்டுவிட்டு, வங்கிச் செயலியை நேரடியாகத் திறந்து கடைசிப் பரிவர்த்தனைகளைப் பார்க்க வேண்டும். கார்டு விவரம் சேமித்துவைத்த ஆன்லைன் கடைகளின் ஆர்டர் பட்டியலையும் பார்க்க வேண்டும். பிறகு மெயிலில் தேடலாம். ஜிமெயில் என்றால் தேடல் பெட்டியில் இப்படி எழுதினால் போதும்:

```
in:anywhere newer_than:2d (debited OR transaction OR OTP OR beneficiary OR order)
```

இது ஸ்பாம், குப்பைத்தொட்டி இரண்டிலும் சேர்த்துத் தேடும். நம் சிங்கப்பூர்க்காரர் அழித்த மெயில்கள்கூட, குப்பைத்தொட்டியைக் காலி செய்யாதவரை, இதில் அகப்படும்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் வெளியாள் செய்த மோசடியை 3 வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால் அவரும் ஒரு பங்கைச் சுமக்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் அது 10,000 ரூபாய் வரை போகலாம். ஏழு நாளும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை சொல்வதுதான் முடிவு. இந்த நாள் கணக்கு, வாடிக்கையாளர் மோசடியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஓடுவதில்லை. வங்கியின் தகவல் வந்த நாளை விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஓடுகிறது. திங்கட்கிழமை மெயில் வந்திருந்தால், இடையில் விடுமுறை இல்லாதபட்சத்தில், வியாழக்கிழமையோடு மூன்று நாள் முடிந்துவிடும். அந்த மெயில் இரண்டாயிரத்துக்கு அடியில் கிடந்தாலும் கணக்கு அதுதான்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கியில் பதிந்துள்ள போன் எண் இன்றும் இயங்குகிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் பணம் போனது தெரிந்த உடனே வங்கியின் எண்ணோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள்.