கெடு முடிந்தபின் வரும் ரிட்டர்ன்: மறுப்பது எப்படி?

வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறீர்கள். "பார்சல் கையில் கிடைத்து ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம்" என்று பில்லில் போட்டிருக்கிறீர்கள். 2,400 ரூபாய் சேலை ஜூன் 3 அன்று போய்ச் சேர்ந்துவிட்டது. ஜூன் 22 அன்று ஒரு செய்தி வருகிறது: "அக்கா, கலர் எனக்கு எடுப்பா இல்லை. ரிட்டர்ன் எடுத்துக்கோங்க, பணத்தைப் போட்டு விடுங்க."

உடனே "முடியாது" என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். முதலில் நாளைச் சரிபாருங்கள். ஏழு நாள் என்பது நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து அல்ல, அவர் கைக்குப் போன நாளிலிருந்து. கூரியர் பக்கத்தில் டெலிவரி தேதியைப் பாருங்கள். ஜூன் 3 என்றால் கெடு ஜூன் 10 அன்று முடிந்தது. அதற்குள் அவர் கேட்டு நீங்கள் கவனிக்காமல் விட்ட செய்தி ஏதும் இருக்கிறதா என்று மேலே தள்ளிப் படித்துப் பாருங்கள். இருந்தால் அவர் கெடுவுக்குள் கேட்டவர்தான்.

அடுத்து, காரணத்தைப் பாருங்கள். எல்லாம் இதில்தான் இருக்கிறது.

நிறம் பிடிக்கவில்லை, வேறு சேலை கிடைத்துவிட்டது என்பவை மனமாற்றம். இவற்றுக்கு உங்கள் கெடு செல்லும். ஆனால் சாயம் போகிறது, இழை அறுந்திருக்கிறது, படத்தில் காட்டியது ஒன்று வந்தது வேறு என்றால் அது குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் (வாங்குபவரை ஏமாற்றும் நடைமுறை). பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள்.

அப்படியானால் குறைபாட்டுக்கும் ஏழு நாள் போதுமே என்று தோன்றலாம். அதை நம்பி இருக்காதீர்கள். குறையுள்ள பொருளுக்காக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. முதல் அலசலில் சாயம் போனால் அது பத்தொன்பதாம் நாளில்கூடத் தெரியவரலாம். அதற்குக் கெடுவைக் காட்டி மறுப்பது நியாயமும் இல்லை. போட்டோ கேளுங்கள், குறை உண்மையென்றால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் வாடிக்கையாளர் சொல்வது நிறம்தான். ஆகவே மறுக்கலாம். எதைக் கொடுத்து மறுப்பது?

உங்களுக்கு நட்டம் வராத ஒன்றை. சேலை பிரிக்காத மடிப்போடு, ஃபால் தைக்காமல், பிளவுஸ் துணி வெட்டாமல் இருந்தால் அதை நீங்கள் மறுபடி விற்க முடியும். அப்போது பணத்துக்குப் பதில் கிரெடிட் நோட் (அடுத்து வாங்கும்போது கழித்துக்கொள்ளும் தொகைச் சீட்டு) தரலாம். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு அவருடையது. ஃபால் தைத்துவிட்டால் இது நடக்காது. அந்த நிறத்துக்குப் பொருந்தும் பிளவுஸ் துணியைக் குறைந்த விலைக்குத் தரலாம். செய்ய முடியாததைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள். அது மறுப்பைவிட அதிகம் கசக்கும்.

செய்தியை எப்படி எழுதுவது? இப்படி:

"வணக்கம் மேடம். சேலை உங்களுக்கு எடுப்பாக இல்லை என்பது எனக்கும் வருத்தம்தான். பார்சல் ஜூன் 3 அன்று உங்களிடம் சேர்ந்தது, ரிட்டர்ன் ஜூன் 10 வரைதான். அதனால் பணம் திருப்பித் தர இயலவில்லை. ஆனால் சேலை பிரிக்காமல், ஃபால் தைக்காமல் இருந்தால் 2,400 ரூபாய்க்கும் கிரெடிட் நோட் தருகிறேன். மூன்று மாதத்துக்குள் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. விருப்பமிருந்தால் ஜூன் 27க்குள் மடிப்பு தெரிய ஒரு போட்டோ அனுப்புங்கள்."

தேதி இருப்பதால் இது உங்கள் மனம்போன முடிவு இல்லை என்பது அவருக்குப் புரியும். "இயலவில்லை" ஒரே ஒரு முறை வருகிறது. "பார்க்கலாம்", "கேட்டுச் சொல்கிறேன்" என்று இழுத்தால் அவர் நம்பிக்கையோடு காத்திருப்பார், பிறகு கோபம் இரட்டிப்பாகும். "நீங்கள் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும்" என்ற வரியை எழுதவே எழுதாதீர்கள். அது உண்மையாக இருந்தாலும் அவரைக் குத்தும்.

அவர் திரும்பவும் கேட்டால்?

புதிய காரணம் தேடாதீர்கள், அதே பதிலைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "பணமாகத் தர வழியில்லை மேடம். கிரெடிட் நோட் 27ஆம் தேதி வரை உங்களுக்காக இருக்கிறது." அழுத்தம் தாங்காமல் இங்கே பணம் கொடுத்தால், கெடுவை மதித்து ஏழு நாளுக்குள் கேட்டவர்களுக்கு அது அநியாயம்.

மருத்துவமனையில் இருந்தேன், வீட்டில் இழவு என்று சொல்கிறாரா? அங்கே விதியைத் தளர்த்தலாம் என்பது என் கருத்து. ஆனால் அதை உங்கள் கணக்கு நோட்டில் காரணத்தோடு எழுதி வையுங்கள். அடுத்தவர் அதே நிலையில் வரும்போது அவருக்கும் அதையே செய்ய வேண்டியிருக்கும்.