பிரியும் நாளில் பங்குக்கு விலை சொல்வது யார்?

நொடிக்கு ஒரு பைசா என்று விளம்பரம் செய்து 2009-இல் கைபேசிச் சந்தையைக் கலக்கிய டாடா டோகோமோவைப் பலருக்கும் நினைவிருக்கும். ஜப்பானின் என்.டி.டி. டோகோமோ, டாடா டெலிசர்வீசஸ் நிறுவனத்தின் கால்வாசிக்கும் சற்று அதிகமான பங்குகளை 12,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியதால் பிறந்த பெயர் அது. அந்தக் கூட்டு எப்படித் தொடங்கியது என்பதைவிட எப்படி முறிந்தது என்பதே இன்று வணிகச் சட்ட வகுப்புகளில் அதிகம் பேசப்படுகிறது.

டோகோமோ கையெழுத்திடும்போதே வெளியேறும் வழியையும் எழுதி வாங்கியிருந்தது. 2014 மார்ச் வரையிலான ஐந்து ஆண்டுகளில் நிறுவனம் குறிப்பிட்ட இலக்குகளை எட்டாவிட்டால், டோகோமோ தன் பங்குகளை விற்கப்போவதாக அறிவிப்பு கொடுக்கலாம். அப்போது அதற்கு ஆள் தேடித் தர வேண்டிய பொறுப்பு டாடா சன்ஸுக்கு. விலையும் அங்கேயே முடிவாகியிருந்தது: அன்றைய நியாய மதிப்பு, அல்லது வாங்கிய விலையில் பாதி. இரண்டில் எது அதிகமோ அது.

இலக்குகள் எட்டப்படவில்லை. 2014 ஜூலையில் டோகோமோ முறைப்படி அறிவிப்பு கொடுத்தது. பாதி விலை என்பது பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் சொச்சம். டோகோமோவிடம் இருந்தவை ஏறக்குறைய 125 கோடிப் பங்குகள். ஆக, கணக்கு 7,250 கோடி ரூபாயைத் தொட்டது. ஆனால் அன்றைய நியாய மதிப்பு என்று டாடா தரப்பு முன்வைத்தது பங்குக்கு 23 ரூபாய் 34 காசு. மொத்தம் 2,900 கோடி ரூபாய் சொச்சம். ஒரே பங்குகளுக்கு இரண்டு விலை. நடுவே 4,300 கோடி ரூபாய் இடைவெளி.

இவ்வளவு வித்தியாசம் எப்படி வருகிறது? பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமென்றால் தினசரி விலை என்று ஒன்று இருக்கும். பட்டியலிடப்படாத கூட்டு நிறுவனத்துக்கு அது கிடையாது. மதிப்பீட்டாளர் ஒருவர் எதிர்காலத்தில் வரக்கூடிய பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடுவார். இன்னொருவர் கையிலுள்ள சொத்திலிருந்து கடனைக் கழிப்பார். மூன்றாமவர் அதே தொழிலில் உள்ள மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடுவார். நஷ்டத்தில் ஓடும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு இந்த மூன்றும் மூன்று விடை தரும். அதனால்தான் கவனமாக எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் விலையை ‘நியாயமான மதிப்பு’ என்ற இரண்டு சொற்களோடு விட்டுவிடுவதில்லை. எந்த முறையில், எந்தத் தேதியின் கணக்குப்படி, யார் மதிப்பிடுவது, இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவரை யார் நியமிப்பது என்பதுவரை எழுதிவைக்கிறார்கள். சிறுபான்மைப் பங்கு என்பதற்காக விலையைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கும். அது விட்டுப்போனால், பிற்பாடு முதல் சண்டை அதில்தான் வெடிக்கும்.

சில ஒப்பந்தங்கள் மதிப்பீட்டாளரே வேண்டாம் என்கின்றன. ஒரு தரப்பு பங்குக்கு ஒரு விலை சொல்லும். அந்த விலைக்கு வாங்குவதா, அதே விலைக்குத் தன் பங்கை விற்பதா என்பதை மறுதரப்பு முடிவு செய்யும். அண்ணன் மாம்பழத்தை வெட்டினால் தம்பி முதலில் எடுத்துக்கொள்வான் என்கிற வீட்டு விதிதான் இது. குறைத்துச் சொன்னால் தன் பங்கே குறைந்த விலைக்குப் போய்விடும் என்பதால் விலை சொல்பவர் நிதானமாகத்தான் சொல்வார். ஆனால் ஒரு தரப்பிடம் பணம் இருந்து, மறுதரப்பு கடனில் இருந்தால் இந்த விதி பணக்காரருக்கே சாதகம்.

டோகோமோ வழக்கில் ஒப்பந்தத்தில் ஓட்டை எதுவும் இல்லை. தடை வேறிடத்திலிருந்து வந்தது. வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் இந்தியரிடம் பங்குகளை விற்கும்போது, முன்கூட்டியே உறுதிசெய்த லாபமோ விலையோ கூடாது, வெளியேறும் நாளின் மதிப்பே பொருந்தும் என்பது ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணி விதி. ஒப்புக்கொண்ட விலையைக் கொடுக்க அனுமதி கேட்டு டாடா விண்ணப்பித்தது. 2015-இல் ரிசர்வ் வங்கி மறுத்துவிட்டது. டோகோமோ லண்டனில் நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. 2016 ஜூனில் தீர்ப்பாயம் சுமார் 117 கோடி டாலர் வழங்க உத்தரவிட்டது. டாடா தன் வாக்குறுதியை நிறைவேற்றத் தவறியதற்கான இழப்பீடாகவே இந்தத் தொகையை அது பார்த்தது. பங்கு விற்பனைக்கான விலை என்று பார்க்கவில்லை. இரு தரப்பும் சமரசத்துக்கு வந்த பிறகும் ரிசர்வ் வங்கி குறுக்கிட முயன்றது. 2017 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், தீர்ப்பை நிறைவேற்ற வழிவிட்டது. அறிவிப்பு கொடுத்ததிலிருந்து பணம் கைக்கு வர மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அறிவிப்புக் காலம் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படும் 60 நாள், 90 நாள் எல்லாம் காகிதத்தில் சிறியவை. அந்த நாட்களுக்குள் மறுதரப்புக்கு முதலில் வாங்கும் வாய்ப்பைத் தர வேண்டும். மதிப்பீட்டை முடிக்க வேண்டும். கடன் கொடுத்த வங்கிகளின் சம்மதம் பெற வேண்டும். அரசு அமைப்புகளின் அனுமதி தேவைப்பட்டால் அதற்கும் காத்திருக்க வேண்டும். அனுமதி தாமதமானால் கெடு தானாக நீளுமா, அதற்குள் விலை மாறினால் யார் தாங்குவது, இடைப்பட்ட காலத்தில் நிறுவனத்தின் பெரிய முடிவுகளை யார் எடுப்பது ஆகியவற்றையும் எழுதிவைத்தவர்களே தலைவலியிலிருந்து தப்புகிறார்கள்.

பிரிந்த பிறகு அதே தொழிலில் போட்டிக்கு வரலாமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஓசூரில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1980-களில் தொடங்கிய டி.வி.எஸ்.–சுசுகி கூட்டு 2001-இல் முடிவுக்கு வந்தது. சுசுகி தன் கால்வாசிப் பங்கை விட்டுக்கொடுத்து விலகியது. அதோடு, 30 மாதங்களுக்கு இந்தியாவில் போட்டியாக இருசக்கர வாகனங்களைக் கொண்டுவருவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. டி.வி.எஸ். தன் பெயரிலிருந்து சுசுகியை நீக்கி, விக்டர் போன்ற சொந்த வண்டிகளோடு நிலைபெற அந்த இடைவெளி உதவியது. சுசுகியின் புதிய இந்திய நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கியது 2006-இல்.

இத்தகைய வாக்குறுதியை நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது இந்தியாவில் எளிதன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆவது பிரிவில், ஒருவர் சட்டபூர்வமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. தொழிலின் நற்பெயரை விற்பவர், நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யமாட்டேன் என்று சொல்வது மட்டும் விதிவிலக்கு. கூட்டு நடக்கும் காலத்தில் போட்டியிடக் கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. கூட்டு முடிந்த பிறகும் அது தொடர்ந்தால் கடுமையாகப் பார்க்கின்றன. கூட்டு நிறுவனத்தின் ரகசியத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது போன்ற குறுகிய கட்டுப்பாடுகளுக்கு அந்தச் சிக்கல் குறைவு.

அதனால் பெரிய நிறுவனங்கள் போட்டியை விலையோடும் உரிமத்தோடும் பின்னிவிடுகின்றன. ஹீரோ ஹோண்டாவில் நடந்தது அதுதான். 2010 டிசம்பரில் பிரிவு அறிவிக்கப்பட்டது. ஹோண்டா தன் 26 சதவீதப் பங்கைச் சந்தை விலையில் ஏறக்குறைய பாதிக்கு, 3,842 கோடி ரூபாய்க்கு ஹீரோ குழுமத்திடம் விட்டது. பங்கு விலையை மட்டும் பார்த்தால் ஹோண்டாவுக்கு இது நஷ்ட வியாபாரம். ஆனால் ஹீரோ தொடர்ந்து தயாரிக்கும் ஹோண்டா வடிவமைப்பு வண்டிகளுக்கு உரிமக் கட்டணம் வரும். ஹோண்டாவின் தனி இந்திய நிறுவனத்துக்கும் ஏற்கெனவே சொந்தத் தொழிற்சாலை இருந்தது. கூட்டாளிக்காகத் தயங்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை. ஹீரோவுக்கோ வெளிநாட்டுச் சந்தைகளின் கதவு திறந்தது. சொந்த என்ஜின்களை உருவாக்க 2014 வரை அவகாசமும் கிடைத்தது. ஸ்பிளெண்டர் வண்டியின் மேலிருந்த ஹோண்டா என்ற பெயர் மெல்ல மறைய, உள்ளே அதே என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.